நட்பு முத்துனா காதலாயிருமா? காதலுக்கும் நட்புக்கும் உள்ள வித்தியாசம், அரோமான்டிக் என்றால் என்ன: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நட்பு முத்துனா காதல்னு சொல்றாங்களே, அது சரிதானுங்களா?

இல்லைங்க. இளநீர் முற்றினால் தேங்காய் ஆகும், பனங்காய் ஆகாது. முற்றிய நட்பு முற்றிய நட்புதான்.

இரண்டையும் ஒரே அளவுகோலில் கீழ்ப்படி, மேல்படி என்று வைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. கல்லூரியில் சேர்ந்த இரண்டாவது வாரம், பஸ்ஸில் எதிர் சீட்டில் வருகிற ஆள்மேல் ஒருவருக்கு ஆசை வருகிறது. பெயர்கூடத் தெரியாது, ஆழமும் கிடையாது. ஆனாலும் அது காதல் வகையைச் சேர்ந்தது. ஆசைப்பட்ட அந்த ஒருவரே தன் பத்து வருடத் தோழனுக்காக பேங்க் லோனுக்கு யோசிக்காமல் ஜாமீன் கையெழுத்துப் போடுவார். அந்த அன்பு ஆழமானது, ஆனாலும் காதல் இல்லை. ஆழம் வேறு, வகை வேறு.

காதல் கலக்காத அன்பை பிளாட்டோனிக் என்று சொல்வது வழக்கம். கிரேக்கத் தத்துவஞானி பிளாட்டோவின் பெயரை ஒட்டி 15ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் மார்சிலியோ ஃபிசினோ வைத்த பெயர் அது. வேடிக்கை என்னவென்றால், பிளாட்டோ பேசியது உடல் ஆசையில் தொடங்கி அழகின் உண்மை நோக்கி ஏறுகிற காதலைப் பற்றி. இன்றைக்கு நாம் சொல்லும் பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அப்ப காதல்ல மட்டும் இருக்கறது என்னதானுங்க?

அமெரிக்க உளவியலாளர் டோரதி டென்னவ் நூற்றுக்கணக்கானவர்களிடம் கேட்டுத் திரட்டி, காதல் மயக்கத்தின் அடையாளங்களை 1979இல் எழுதினார். அந்த நிலைக்கு லிமரன்ஸ் என்று ஒரு பெயரும் வைத்தார். அவர் சொன்னதில் மூன்று விஷயங்கள் ஆரம்பக்காரருக்குப் போதும்.

முதலாவது, அழைக்காமல் வருகிற நினைப்பு. பில் போட்டுக்கொண்டிருக்கும்போது, பல் விளக்கும்போது, சம்பந்தமே இல்லாமல் அந்த ஆள் மனதில் வந்து உட்கார்ந்துகொள்வார். நண்பரின் நினைப்பும் வரும்தான். ஆனால் அதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும்: அவர் விரும்பிச் சாப்பிடும் பண்டம் கண்ணில் பட்டது, அவருக்குச் சொல்ல ஒரு சங்கதி கிடைத்தது என்கிற மாதிரி.

இரண்டாவது, பதிலுக்கான ஏக்கம். “அவங்களுக்கும் என் மேல இருக்குமா?” என்கிற கேள்வி ஓயாது. ஒரு சிரிப்பை, ஒரு “ம்” என்ற மெசேஜை நான்கு விதமாகப் பிரித்துப் படிக்கச் சொல்லும். நம்பிக்கை கொஞ்சம், சந்தேகம் கொஞ்சம் இருக்கிற இடத்தில்தான் இது கொழுந்துவிட்டு எரியும் என்பதையும் டென்னவ் கவனித்தார். முழுசாக மறுத்துவிட்டால் நாளடைவில் அடங்கும். முழுசாகக் கிடைத்துவிட்டாலும் தணியும்.

மூன்றாவது, ஒரே ஆள். அந்த நேரத்தில் மனம் ஒருவரிடம்தான் நிற்கும், அவர் இடத்தில் இன்னொருவரை வைத்துப் பார்க்க முடியாது. நட்புக்கு அந்தக் கணக்கு இல்லை. நான்கு பேர் இருந்தால் நான்கு பேரும் நண்பர்கள்தான்.

இதோடு, ஜோடியாக இருக்க வேண்டும், ஊர் நம்மை ஜோடியாகப் பார்க்க வேண்டும் என்கிற விருப்பமும் பலருக்குச் சேர்ந்து வரும். அது எவ்வளவு மனதிலிருந்து வருகிறது, எவ்வளவு சினிமாவிலிருந்து வருகிறது என்பது தனி வழக்கு.

இந்த மயக்கத்தை வாழ்நாளில் அறியாதவர்களும் இருக்கிறார்கள் என்று டென்னவ் அப்போதே எழுதிவிட்டார். அப்படிக் காதலீர்ப்பு எழாதவர்களைக் குறிக்கிற அரோமான்டிக் என்ற சொல் புழக்கத்துக்கு வர அதன்பின் 20 வருடத்துக்கு மேல் ஆனது.

நட்புலயும் நெனப்பு வருது, பொறாமை வருது. என்ர விஷயத்துல எப்படிப் பிரிச்சுப் பாக்கறது?

ஒன்றை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பார்க்கிற முறைதான் எங்களுக்குத் தெரிந்து கைகொடுக்கிறது. ஒரு கற்பனை உதாரணம் வைத்துக்கொள்வோம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிற 25 வயதுப் பெண். அவிநாசியிலிருந்து தினமும் பஸ். இரண்டு வருடமாகக் கூட வேலை பார்க்கிற ஒருவர் அதே பஸ்ஸில் வருகிறார். மதியம் டிபன் பாக்ஸை மாற்றிச் சாப்பிடுவார்கள். அவருக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஓடியது இந்தப் பெண்தான். ஒரு நாள் அவர், “உன்னை விரும்பறேன்” என்கிறார். பெண்ணுக்குக் கோபம் இல்லை, சந்தோஷமும் இல்லை, என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அவரை மாதிரி இன்னொருவரைப் பிடித்ததும் இல்லை. இது என்ன?

முதலில், அவர் நினைப்பு எப்போதெல்லாம் வந்தது என்று இரண்டு வாரம் போனில் குறித்து வைக்கிறாள். பஸ்ஸில் சீட் காலியாக இருந்தபோது, சாம்பிள் ரிஜெக்ட் ஆனதைச் சொல்ல வேண்டியிருந்தபோது, அவருக்குப் பிடித்த பொரி கடலை பார்த்தபோது. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வரவில்லை, அது உறுத்தவும் இல்லை.

அடுத்தது மெசேஜ். அவர் பார்த்துவிட்டு மூன்று மணி நேரம் பதில் போடாவிட்டால், “சோலியா இருப்பாரு” என்று விட்டுவிடுகிறாள். நெஞ்சு படபடக்கவில்லை.

மூன்றாவதுதான் முக்கியமானது. அவருக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆகிவிட்டது என்று நினைத்துப் பார்க்கிறாள். சுருக்கென்று வலிக்கிறது. இங்கேதான் பலர், “அப்ப காதல்தான்” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவசரம். இப்போது ஒன்றை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும்: கல்யாணத்துக்கு அப்புறமும் அதே பஸ், அதே மதியச் சாப்பாடு, அதே பேச்சு தொடரும் என்று வைத்துக்கொண்டால் அந்த வலி இருக்கிறதா? இந்தப் பெண்ணுக்கு வலி போய்விடுகிறது. அவளுடைய பயம் கூட்டாளி பறிபோய்விடுவார் என்பதுதான். எல்லாம் தொடர்ந்தாலும், “அந்த இடத்துல நான் இல்லையே” என்று வலி அப்படியே நின்றிருந்தால் கதை வேறு.

கடைசியாக, ஒரு தடவை அவர் இவள் கையைப் பிடித்தார். டெங்கு வார்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தான். ஆனால் இந்தத் தடவை கையை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. தொடுகை அதேதான், அதன் பொருள் மாறியதுதான் ஒட்டவில்லை.

நான்கும் நட்புப் பக்கமே சாய்கின்றன. ஆனால் இந்தச் சோதனை இந்த ஆளைப் பற்றி மட்டும்தான் சொல்கிறது. இதை வைத்து அவள் அரோமான்டிக் என்று சொல்லிவிட முடியாது. அவளுக்கு யார்மேலும், எந்த வயதிலும் இப்படித்தானா என்று பார்த்த பிறகுதான் அந்தக் கேள்விக்கே போக வேண்டும். நான்கில் இரண்டு அந்தப் பக்கம், இரண்டு இந்தப் பக்கம் என்று வருகிறவர்களும் உண்டு. கோடு எல்லோருக்கும் கறாராக விழுவதில்லை.

அரோமான்டிக்னா யார்மேலயும் பாசமே இருக்காதுங்களா?

பாசம், நட்பு, பக்தி, ஊர்ப்பற்று, நாய்க்குட்டிமேல் உயிர் எல்லாம் இருக்கும். காதலீர்ப்பு மட்டும் எழாது, அல்லது மிக அரிதாக, மிக மங்கலாக எழும். அம்மாயி சாவுக்கு அழாத கல்நெஞ்சு என்று யாரையாவது காட்டினால், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அவர்கள் அனுபவம் எப்படி இருக்கும் என்பதைச் சொன்னால் பிடிபடும். பள்ளிக்கூடத்தில், “உன்ர ஆளு யாருடா?” என்று நச்சரிக்கும்போது, ஏதோ ஒரு பேரைச் சொல்ல வேண்டுமே என்று வகுப்பை ஒரு சுற்று பார்த்து, லட்சணமாக இருக்கிற ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துச் சொல்லியிருப்பார்கள். இந்தத் தேர்ந்தெடுக்கிற வேலை மற்றவர்களுக்குக் கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியாது. காதல் பாட்டில் வருகிற தூக்கமின்மையும் பசியின்மையும் கவிஞர்களின் மிகை என்றே நெம்ப வருடம் நினைத்திருப்பார்கள். நெருங்கிய தோழிக்கு ஆள் அமைந்ததும் அவள் வருவது குறைந்துபோகும்போது, “காதலன் வந்தா நட்பு ஏன் ரெண்டாம்பட்சம் ஆகோணும்?” என்பது உண்மையிலேயே விளங்காது. அந்த இழப்பு அவர்களுக்குக் காதல் முறிவுக்குச் சமமாக வலிக்கலாம். ஆறுதல் சொல்லத்தான் யாரும் வரமாட்டார்கள்.

காலேஜ்ல ஒருத்தர எனக்கு நெம்பப் பிடிச்சிருந்துது. அப்ப நான் அரோமான்டிக் இல்லைதானே?

“பிடிச்சிருந்துது” என்றால் எந்த மாதிரி என்பதில் இருக்கிறது. ஒருவரோடு எப்படியாவது நட்பாகிவிட வேண்டும் என்று வருகிற தவிப்புக்கு அரோமான்டிக் வட்டாரத்தில் ஸ்க்விஷ் என்று பெயர். க்ரஷ் போலவே இருக்கும். அவர் வருகிற நேரம் பார்த்து கேன்டீனுக்குப் போவதுகூட நடக்கும். ஆனால் நட்பாகிவிட்டால் திருப்தி அடைந்துவிடும், அதற்குமேல் எதுவும் கேட்காது.

இன்னொரு வகையில், தூரத்திலிருந்து ஆசை வரும். அந்த ஆள் திரும்பி, “எனக்கும்தான்” என்று சொன்ன அன்றே அது அணைந்துவிடும், சிலருக்கு ஒவ்வாமையாகவே மாறிவிடும். இதை லித்ரோமான்டிக் என்பார்கள். நெடுநாள் நெருங்கிப் பழகிய பிறகுதான், அதுவும் ஒரோர் ஆளிடம்தான் காதல் எழும் என்றால் டெமிரோமான்டிக். வாழ்க்கையில் ஒருக்கா, இரண்டு தடவை மங்கலாக வந்து போயிற்று என்றால் கிரேரோமான்டிக். எல்லாம் ஒரே குடையின் கீழ் வருகிறவைதான். பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் அனுபவத்தைச் சொல்ல ஒரு சொல் உதவினால் எடுத்துக்கொள்ளுங்கள், உதவாவிட்டால் விட்டுவிடலாம்.

அப்ப உடல் ஆசையும் இருக்காதுங்களா?

சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது. காதலீர்ப்பும் பாலீர்ப்பும் தனித்தனிக் கம்பிகள். பாலீர்ப்பு இல்லாதவர்களை ஏசெக்சுவல் என்கிறோம். அவர்களில் பலர் காதலிக்கவும் செய்கிறார்கள். அரோமான்டிக் ஆட்களில் பலருக்கு உடல் ஆசை சாதாரணமாகவே உண்டு. இரண்டும் இல்லாதவர்களும் உண்டு. காதலும் பாலுறவு ஆசையும் தனித்தனி அமைப்புகள், ஒன்றில்லாமல் மற்றது எழ முடியும் என்று உளவியலாளர் லிசா டயமண்ட் 2003இல் விரிவாக வாதிட்டார்.

இதில் அதிகம் அடிபடுவது, உடல் ஆசை உள்ள அரோமான்டிக் ஆட்கள்தான். “பொம்பளைய ஏமாத்தறவன்” என்றும், பெண்ணாக இருந்தால் அதைவிட மோசமாகவும் பேசுவார்கள். ஏமாற்றுவது என்பது இல்லாத காதலை இருப்பதாகச் சொல்வது. இல்லை என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறவர் ஏமாற்றவில்லை.

வீட்டுக்குப் பயந்து மனசை அடக்கி வெச்சிருக்கறவங்களுக்கும் இவங்களுக்கும் என்ன வித்தியாசம்?

நல்ல கேள்வி. நம்ம பக்கம் இதைக் கேட்காமல் விடக் கூடாது. சாதி விட்டுச் சாதி காதலித்தால் என்ன நடக்கும் என்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், ஆசை முளைக்கும்போதே கிள்ளிப் போடப் பழகிவிடுகிறார்கள். நாளாக ஆக, “எனக்கெல்லாம் அந்த மாதிரி வராது” என்று அவர்களே நம்பிவிடுவதும் உண்டு.

கிள்ளுவதற்கு முன்னால் ஒன்று முளைத்ததா என்று பாருங்கள். அடக்குகிறவருக்கு முதலில் ஒரு துள்ளல் வரும், அதைத் தொடர்ந்து பயம் வரும், பிறகு அந்த ஆளைத் தவிர்ப்பார். சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய், யார் கண்ணும் இல்லாத இடத்தில் ஒரு வருடம் இருந்தால் அந்தத் துள்ளல் தலைகாட்டும். அரோமான்டிக் ஆளுக்கு அங்கேயும் ஒன்றும் மாறாது. அடக்க எதுவும் இல்லாததால் தவிர்க்கவும் மாட்டார், எல்லோரோடும் சகஜமாகப் பேசுவார்.

இன்னும் இரண்டைப் பிரித்துவிட வேண்டும். ஒரு முறிவுக்குப் பிறகு, “இனி யாரும் வேண்டாம்” என்பது காயம். முன்னால் வந்தது, இப்போது நின்றிருக்கிறது. மன அழுத்த நோயிலும், அதற்குக் கொடுக்கிற எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகளிலும் உணர்ச்சிகள் மரத்துப்போவது உண்டு. ஆனால் அப்போது காதல் மட்டுமா போகும்? சாப்பாட்டில் ருசி, நண்பர்கள், பிடித்த பாட்டு என்று எல்லாமே சேர்ந்து மங்கும். அப்படியானால் டாக்டரைப் பாருங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மற்றதெல்லாம் பளிச்சென்று இருந்து காதல் மட்டும் எப்போதுமே இல்லாதிருந்தால் அது நோய் இல்லை. அதற்கு வைத்தியமும் இல்லை.

பழந்தமிழ்ல கைக்கிளைன்னு சொல்றது இதைத்தானுங்களா?

இல்லை. தொல்காப்பியம் சொல்லும் ஏழு திணைகளில் முதலாவதான கைக்கிளை ஒருதலைக் காதல். ஒருவர் பக்கம் காதல் எரிகிறது, மறுபக்கம் ஏன் எரியவில்லை என்று அது கேட்பதில்லை. இன்னொன்று: பழைய தமிழில் காதல் என்ற சொல் இப்போதுபோல ஆண் பெண் ஈர்ப்புக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. வேலைக்கு ஆள் தெரிவதைப் பற்றிப் பேசும் 507ஆம் குறளிலேயே வேண்டியவர்மேல் உள்ள பற்றுக்குக் காதன்மை என்று வருகிறது.

வீட்ல பாத்து வெக்கற கல்யாணத்துக்குக் காதலே தேவையில்லையே. அப்பறம் இது ஒரு பிரச்சனையா?

ஒரு வகையில் உண்மைதான். அதனாலேயே இங்கே பலருக்கு இது நெம்பத் தாமதமாகத் தெரிகிறது. கூட்டம் எது, ஜாதகம் பொருந்துதா, தோட்டம் எத்தனை ஏக்கர் என்றுதான் கேட்பார்கள். மனசில் என்ன எழுகிறது என்று யாரும் கேட்பதில்லை. பொண்ணு பார்க்கப் போய் எதுவும் தோன்றாமல் திரும்பினால், “எல்லாருக்கும் அப்படித்தான், கட்டுனா வந்துரும்” என்பார்கள். மற்ற பலருக்கு அப்படி வந்துவிடுவதும் உண்டு. அதனால் அந்த வாக்கு பொய்யாகவும் தெரியாது.

முதலில் இது வெளியே தெரிவது நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில், ராத்திரி போன் பேச்சில்தான். அந்தப் பக்கம், “என்னை மிஸ் பண்றீங்களா?” இந்தப் பக்கம், “ம். சாப்ட்டியா?” முதல் வாரம் வீடு, வேலை, சொந்தக்காரர்கள் என்று பேச விஷயம் இருக்கும். மூன்றாவது வாரம் தீர்ந்துவிடும். காதல் வருகிற ஆட்களுக்கு விஷயம் தீர்ந்தாலும் பேச்சு தீராது. இவருக்கு அந்த ஒன்றரை மணி நேரம் ஓவர்டைம் போல ஆகும். வெட்டிங் ஷூட்டில் கண்ணோடு கண் பார்க்கச் சொன்னால், போட்டோகிராபர் சொன்னதைச் செய்வார். எதிரில் இருப்பவர் நிஜமாகவே பார்த்துக்கொண்டிருப்பார். பிற்பாடு, “பொறுப்பா இருக்காரு, ஒரு குறை இல்லை, ஆனா என்மேல ஆசை இல்லை” என்று அந்தப் பெண் தன் அம்மாவிடம் அழுவதும், அவரோ, “என்ன குறை வெச்சேன்?” என்று விழிப்பதும் இதன் தொடர்ச்சிதான். குற்றவாளி யாரும் இல்லை. ஆனால் தகவல் ஒருவரிடம் மட்டும் இருந்தது.

கல்யாணமே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. துணை, குழந்தை, சேர்ந்து குடித்தனம் ஆகியவற்றை விரும்புகிற அரோமான்டிக் ஆட்கள் நிறைய. எதிரில் இருப்பவர் தெரிந்தே ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பொண்ணு பாத்துட்டு வந்துட்டாங்க. எப்ப, எப்படிச் சொல்றது?

நிச்சயத்துக்கு முன்னால், நேரில், தனியாக. போனில் வேண்டாம். “அரோமான்டிக்” என்ற சொல்லில் தொடங்காதீர்கள். அடுத்த நிமிடம் கூகுளில் தேடி, அரைகுறையாகப் படித்துவிட்டு, “இவருக்கு ஏதோ கோளாறு” என்று முடிவாகிவிடும். நடைமுறையில் சொல்லுங்கள்: “எனக்கு யார்மேலயும் காதல்னு ஒன்னு வந்ததில்லைங்க. உங்ககிட்ட மரியாதையா, அக்கறையா, உண்மையா இருப்பேன். ஆனா அந்த உருகுற மாதிரி எங்கிட்ட வராதுன்னுதான் நினைக்கறேன். அது இல்லாம உங்களுக்குச் சரியா வருமான்னு யோசிச்சு சொல்லுங்க.” உடல் உறவு, குழந்தை பற்றி உங்கள் நிலை என்ன என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர்களாகவே ஒன்றை ஊகித்துக்கொள்வார்கள். பதிலுக்கு ஒரு வாரமாவது விடுங்கள்.

வீட்ல அம்மாகிட்ட?

“எனக்குக் கல்யாணம் வேண்டாம்” என்று தொடங்கினால் முதலில் வருகிற கேள்வி, “யாரையாவது பாத்து வெச்சிருக்கறயா?” அதன் பின்னால் இருக்கிற பயம் வேறு சாதி. அதனால் முதல் வாக்கியமே அந்தக் கதவைச் சாத்த வேண்டும்: “நான் யாரையும் விரும்பலம்மா. எனக்கு அந்த நெனப்பே யார்மேலயும் வர்றதில்லை.” இரண்டாவது சந்தேகம், ஆணாக இருந்தால் ஆண்மைக்குறைவு, யாராக இருந்தாலும் செவ்வாய் தோஷம். அதற்கும் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்லாதீர்கள். கூட்டத்தில் அப்பா கௌரவம் பார்ப்பார். கட்டிக்கொடுத்த அக்காவோ, தனியாக வாழ்ந்து பழகிய அத்தையோ இருந்தால் முதலில் அவர்களிடம். பாட்டிமார்களைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். “எனக்கும் உங்க தாத்தாவுக்கும் என்ன காதலா மண்ணா, குடித்தனம் பண்ணலையா” என்று சொல்கிற கிழவி சில நேரம் உங்களை எல்லோரையும்விட நன்றாகப் புரிந்துகொள்வாள். ஆனால் அதே வாயால், “அதனால நீயும் கட்டிக்கோ” என்றும் சொல்வாள்.

போனைப் பிடுங்குவார்கள், வேலைக்கு விடமாட்டார்கள், அடிப்பார்கள் என்கிற வீடாக இருந்தால் இப்போது சொல்லாதீர்கள். சம்பளம் உங்கள் அக்கவுண்டில் விழ வேண்டும், சர்டிபிகேட்டும் ஆதாரும் உங்கள் கையில் இருக்க வேண்டும், போய்த் தங்க ஒரு இடம் வேண்டும். அதன்பின் பேசலாம். கட்டாயக் கல்யாணம் என்ற நிலை வந்தால் பெண்களுக்கான உதவி எண் 181.

என்ர சிநேகிதி இப்படின்னு சொல்லிட்டா. நான் அவளைக் காதலிக்கறேன். காத்திருந்தா மாறுமுங்களா?

அவள் டெமிரோமான்டிக் என்றால் மாற வாய்ப்பு உண்டு. அதை அவளே சொல்லியிருப்பாள். அரோமான்டிக் என்று சொல்லியிருந்தால் காத்திருப்பைக் கணக்கில் வைக்காதீர்கள். நம்பிக்கையும் சந்தேகமும் பாதிப் பாதியாக இருக்கிற இடத்தில்தான் காதல் மயக்கம் நீடிக்கும் என்று மேலே சொன்னோமே, “மாறுவாளோ” என்று காத்திருப்பது அந்த அடுப்பில் தினமும் ஒரு விறகு வைப்பதுதான். அவள் பிறந்தநாளுக்கு வாங்கி வந்த கேக்கை அவள் நட்பாக எடுத்துக்கொண்டாள், நீங்களோ ராத்திரி முழுக்க அந்தச் சிரிப்பைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தீர்கள் என்றால், இரண்டு மூன்று மாதம் தள்ளி நில்லுங்கள். ஏன் தள்ளி நிற்கிறீர்கள் என்பதை அவளிடம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போங்கள்: “நட்பை முறிக்கல, எனக்கு ஆறட்டும், வர்றேன்.” சொல்லாமல் போனால், அவளுக்குப் போவது முதல் வரிசை உறவு. உங்களுக்கு அது “வெறும் நட்பு” என்று பட்டாலும் அவளுக்கு அப்படி இல்லை.